ஸ்க்ரீன்ஷாட்டில் விழாத பங்கும் உங்கள் பணம்தான்

பங்குச் சந்தை பற்றிப் பேசும் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரே மாதிரிப் படம் திரும்பத் திரும்ப வருகிறது. கைபேசியில் தெரியும் வாட்ச்லிஸ்டைப் படம்பிடித்துப் போட்டு, "எந்தப் பங்கு அதிகமா இருக்கு, எதைக் குறைக்கலாம், பார்த்துச் சொல்லுங்க சார்" என்று யாராவது கேட்கிறார். சில நிமிடங்களில் பதில் வந்துவிடுகிறது. பதில் சொன்னவர் பெருக்கிப் பார்த்திருக்க மாட்டார். கேட்டவரும் மொத்தத் தொகையைச் சரிபார்ப்பதில்லை. மறுநாள் காலை விற்பனை ஆர்டர் போய்விடுகிறது.

கணக்கு என்னவோ எளியதுதான். பங்கின் எண்ணிக்கையை விலையால் பெருக்கினால் அதன் மதிப்பு. எல்லா மதிப்புகளையும் கூட்டினால் மொத்தம். ஒரு பங்கின் மதிப்பை அந்த மொத்தத்தால் வகுத்து 100-ஆல் பெருக்கினால் வெயிட்டேஜ்.

ஒருவரின் படத்தில் ஐந்து பங்குகள் இருப்பதாகக் கொள்வோம். கணக்குப் புரிவதற்காக விலைகளை முழு எண்களாக எடுத்துக்கொள்ளலாம். எம்ஆர்எஃப் 1 பங்கு, விலை ரூ.1,30,000. ஐடிசி 500 பங்குகள், ரூ.400 வீதம். ஸ்டேட் பாங்க் 100, ரூ.800 வீதம். டிசிஎஸ் 30, ரூ.3,000 வீதம். எச்டிஎஃப்சி பேங்க் 300, ரூ.1,000 வீதம். விலையை மட்டும் பார்ப்பவருக்கு எம்ஆர்எஃப்தான் பெரிதாகத் தெரியும். எண்ணிக்கையை மட்டும் பார்ப்பவருக்கு ஐடிசி. இரண்டுமே தவறு. பெருக்கினால் எம்ஆர்எஃப் 1.30 லட்சம், ஐடிசி 2 லட்சம், ஸ்டேட் பாங்க் 80 ஆயிரம், டிசிஎஸ் 90 ஆயிரம், எச்டிஎஃப்சி பேங்க் 3 லட்சம். மொத்தம் 8 லட்சம். ஆக, எச்டிஎஃப்சி பேங்க் 37.5 சதவீதம், ஐடிசி 25, எம்ஆர்எஃப் 16.25, டிசிஎஸ் 11.25, ஸ்டேட் பாங்க் 10. இரண்டு வங்கிப் பங்குகளையும் சேர்த்தால் ஏறக்குறைய பாதிப் பணம் ஒரே துறையில் கிடக்கிறது. எச்டிஎஃப்சி பேங்க் 20 சதவீதம் விழுந்தால் இவருக்கு 60 ஆயிரம் ரூபாய் குறையும். எம்ஆர்எஃப் அதே அளவு விழுந்தால் 26 ஆயிரம்தான்.

எக்செல் தாளில் செய்பவர்கள் எண்ணிக்கையை B, விலையை C நெடுவரிசையில் போட்டு, D, E நெடுவரிசைகளில் இப்படி எழுதலாம்:

```
D2: =B2*C2
E2: =D2/SUM(D$2:D$6)*100
```

அந்த `$` குறியை விட்டுவிட்டு சூத்திரத்தைக் கீழே இழுத்தால், ஒவ்வொரு வரியிலும் கூட்டும் பகுதி நழுவிக் கீழே போகும். கடைசிப் பங்குக்கு 100 சதவீதம் என்று வந்தால் நடந்தது இதுதான்.

இதைவிட ஆபத்தான தவறு கண்ணுக்கே தெரியாது. மேலே சொன்ன பட்டியலில் எச்டிஎஃப்சி பேங்க் வரி திரைக்குக் கீழே போய்விட்டது, படத்தில் விழவில்லை என்று வையுங்கள். இப்போது மொத்தம் 5 லட்சம். ஐடிசி 40 சதவீதம், எம்ஆர்எஃப் 26, டிசிஎஸ் 18, ஸ்டேட் பாங்க் 16. கூட்டிப் பாருங்கள், சரியாக 100 வரும். விட்டுப்போன வரி ஒன்று இருந்தாலும் 100 வரும், பல இருந்தாலும் 100 வரும். "கூட்டினேன், 100 வந்தது, கணக்கு சரி" என்று நம்பிக்கொண்டு, 25 சதவீதமே உள்ள ஐடிசியை 40 என்று நினைத்து விற்றவர்கள் இருக்கிறார்கள். சதவீதத்தைக் கூட்டிப் பார்ப்பது சரிபார்ப்பே ஆகாது. மொத்த ரூபாயைத்தான் ஒப்பிட வேண்டும், அதுவும் வேறொரு ஆவணத்தோடு.

வாட்ச்லிஸ்ட் என்பது கண்காணிக்கும் பட்டியல். வாங்காத பங்கும் அதில் இருக்கும். ஒரே பங்கு என்எஸ்இ, பிஎஸ்இ என்று இரண்டு வரிகளில் இருந்து, இரண்டு முறை கூட்டப்படுவதும் உண்டு. ஹோல்டிங்ஸ் பக்கத்துக்குப் போனாலும் `LTP` என்ற கடைசி வர்த்தக விலையை எடுக்காமல் `Avg.` என்ற வாங்கிய சராசரி விலையால் பெருக்குகிறார்கள். அப்போது கிடைப்பது முன்பு போட்ட பணத்தின் பங்கீடு. இன்றைய வெயிட்டேஜ் அதுவல்ல.

போனஸ் பங்கு வரும் நாட்களில் திரையை நம்பவே கூடாது. எச்டிஎஃப்சி பேங்க் ஒன்றுக்கு ஒன்று போனஸ் அறிவித்து, 2025 ஆகஸ்ட் 27-ஐப் பதிவுத் தேதியாக வைத்தது. இத்தகைய போனஸில் விலை முதலில் ஏறக்குறைய பாதியாகிவிடும். புதிய பங்குகள் டீமேட் கணக்கில் வந்து சேர அதன் பிறகு ஓரிரு நாட்கள் ஆகும். நம் உதாரணத்தில் 300 பங்குகளுக்குப் பதில் 150 மட்டுமே தெரியும் அந்த இடைவெளியில் படம் எடுத்தால், 37.5 சதவீதம் 23 சதவீதமாகச் சுருங்கித் தெரியும். பதறிப்போய் அந்த நேரத்தில் இன்னும் வாங்கிக் குவித்தால், பங்குகள் வந்து சேர்ந்தபின் வெயிட்டேஜ் எங்கேயோ போய் நிற்கும்.

சரிபார்க்கும் ஆவணத்துக்குப் பெயர் ஒருங்கிணைந்த கணக்கு அறிக்கை. சந்தையில் 'காஸ்' என்பார்கள். என்எஸ்டிஎல் அல்லது சிடிஎஸ்எல் என்ற டெபாசிட்டரி இதை மின்னஞ்சலில் அனுப்புகிறது. ஒரு மாதத்தில் வாங்கல் விற்றல் இருந்தால் மறுமாதம் வரும், இல்லாவிட்டால் அரையாண்டுக்கு ஒருமுறை. கடவுச்சொல் பெரிய எழுத்துகளில் உங்கள் பான் எண். வெவ்வேறு தரகர்களிடம் உள்ள டீமேட் கணக்குகள், மியூச்சுவல் ஃபண்ட் யூனிட்டுகள் எல்லாம் பான் எண்ணின் அடிப்படையில் இதில் ஒன்றுசேரும். ஒவ்வொரு பங்குக்கும் எழுத்தும் எண்ணுமாக 12 இடங்கள் கொண்ட ஐசின் குறியீடு இருக்கும். எந்தச் சந்தையில் வாங்கினாலும் ஐசின் ஒன்றுதான் என்பதால் இரட்டைக் கணக்கு இங்கே பிடிபட்டுவிடும். ஆனால் அறிக்கையில் உள்ள விலை மாதக் கடைசி விலை. எனவே எண்ணிக்கையை அறிக்கையிலிருந்து எடுங்கள், அதற்குப் பிறகு வாங்கியதையும் விற்றதையும் கான்ட்ராக்ட் நோட்டைப் பார்த்துத் திருத்துங்கள், எல்லாப் பங்குகளுக்கும் ஒரே நாளின் முடிவு விலையைப் போடுங்கள். காலையில் எடுத்த படத்தில் பாதி, மாலையில் எடுத்த படத்தில் பாதி என்று கலக்கக் கூடாது.

அறிக்கையே வருவதில்லை என்பவர்கள் அநேகமாகப் பழைய மின்னஞ்சல் முகவரியை மாற்றாதவர்கள். தரகரிடம் முகவரியை மாற்றக் கேளுங்கள். அதுவரை சிடிஎஸ்எல்லின் 'ஈஸி', என்எஸ்டிஎல்லின் 'ஐடியாஸ்' தளங்களில் பதிவு செய்து நேரடியாகப் பார்க்கலாம்.

தரகரின் திரை வேறு, டெபாசிட்டரியின் பதிவு வேறு. கார்வி தரகு நிறுவனத்தின் விவகாரம் இதைக் காட்டியது. வாடிக்கையாளர்களின் பங்குகளைத் தவறாகப் பயன்படுத்தியது பற்றி 2019 நவம்பர் 22-ல் செபி இடைக்கால உத்தரவு போட்டது. போலிச் செயலிகளில் லட்சக்கணக்கில் லாபம் காட்டும் ஹோல்டிங்ஸ் திரைகளும் இப்போது உலவுகின்றன. அந்தப் பங்குகள் டெபாசிட்டரியின் அறிக்கையில் இருக்கவே இருக்காது. திரையில் இருப்பது காஸில் இல்லை என்றால், வெயிட்டேஜ் கணக்கை நிறுத்திவிட்டுப் புகார் எழுதுங்கள்.

புகாரை முதலில் தரகருக்கு எழுத்தில், ஐசின் குறியீடு, எண்ணிக்கை, தேதியுடன் கொடுங்கள். தொலைபேசியில் கத்தினால் பதிவு இருக்காது. தீர்வு கிடைக்காவிட்டால் செபியின் ஸ்கோர்ஸ் தளத்தில், `scores.sebi.gov.in` முகவரியில், காஸ் நகலையும் கான்ட்ராக்ட் நோட்டையும் இணைத்துப் பதியுங்கள். 21 நாட்களுக்குள் நடவடிக்கை அறிக்கை வர வேண்டும். அதிலும் திருப்தி இல்லையென்றால் `smartodr.in` தளத்தில் சமரசம், நடுவர் தீர்ப்பு என்று அடுத்த படிக்குப் போகலாம். போலிச் செயலியில் பணம் போயிருந்தால் செபிக்கு எழுதிக்கொண்டு காத்திருக்காதீர்கள். உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள்.