தொட்டு விலகும் குரல்நாண்கள்

குஜராத்தியில் ‘பார்’ என்றால் பன்னிரண்டு. முதல் எழுத்தை ‘கம்பு’ என்பதில் வரும் பகரம்போல் ஒலிக்க வேண்டும். அதே சொல்லின் ஆகாரத்தை மூச்சுக் கலந்து சொன்னால் ‘வெளியே’ என்று பொருள். மூச்சு பகரத்தோடு சேர்ந்து வெடித்தால் ‘பாரம்’ என்று பொருள். இந்த வேறுபாடு நாக்கிலோ உதட்டிலோ இல்லை. தொண்டைக்குள் குரல்நாண்கள் அதிரும் விதத்தில் இருக்கிறது.

ஒலிவாங்கி பதிவதோ வாய்க்குள் புகுந்து உருமாறி வெளிவந்த ஒலியை. நாண்களின் வேலையை மட்டும் தனியே பார்க்க உதவுவது எலெக்ட்ரோகுளோட்டோகிராபி. 1957-இல் பிரெஞ்சு மருத்துவர் பிலிப் ஃபாப்ர் இதை அறிமுகப்படுத்தினார். குரல்வளையின் இரு பக்கமும் கழுத்துத் தோலின்மேல் இரண்டு மின்முனைகளை வைத்து, உணர முடியாத அளவு சிறிய உயர் அதிர்வெண் மின்னோட்டத்தைச் செலுத்துவார்கள். நாண்கள் ஒட்டியிருக்கும்போது மின்னோட்டம் எளிதாகக் கடக்கும். விலகும்போது இடையிலுள்ள காற்று அதைத் தடுக்கும். இந்த ஏற்ற இறக்கம் அலைவடிவமாகத் திரையில் விழும்.

அதிலிருந்து ஆய்வாளர்கள் முக்கியமாகக் கணக்கிடுவது தொடுகை விகிதத்தை. நொடிக்கு 100 முறை அதிரும் ஓர் ஆண் குரலை எடுத்துக்கொள்வோம். ஒரு சுற்றுக்கு 10 மில்லிநொடி. அதில் 5 மில்லிநொடி நாண்கள் தொட்டிருந்தால் விகிதம் 0.5. மூச்சுக் குரலில் தொடும் நேரம் சுருங்குவதால் விகிதம் குறையும். நாண்களை இறுக்கிப் பேசும் கரகரத்த குரலில் அது கூடும்.

2012-இல் கிறிஸ்டினா எஸ்பொசிட்டோவும் சமீர் உத் தௌலா கானும் குஜராத்தியையும், அதற்கு உறவே இல்லாத வெள்ளை மோங் மொழியையும் இப்படி ஒப்பிட்டார்கள். மூச்சு மெய்க்கு உரியதா, உயிருக்கு உரியதா என்பதை எது காட்டுகிறது என்பதே கேள்வி. இரு மொழிகளிலும் ஒரே விடை கிடைத்தது: மெய்யோடு வரும் மூச்சு உயிரொலியின் தொடக்கத்திலேயே வலுவாகத் தெரிகிறது, உயிருக்கே உரிய மூச்சு அவ்வளவு முந்துவதில்லை, அவ்வளவு வலுவாகவும் இல்லை. ஆகவே ஒரு சொல்லுக்கு ஒரே சராசரி எண் போதாது. உயிரொலி நெடுகிலும் விகிதம் எப்படி மாறுகிறது என்று பார்க்க வேண்டும்.

இந்தக் கருவி ஏமாற்றவும் செய்யும். விழுங்கினாலோ சுருதியை உயர்த்தினாலோ குரல்வளை மேலேறும். அப்போது கோடு முழுவதும் மெல்ல நகரும். அந்த மெதுவான நகர்வை வடிகட்டி நீக்கலாம். மிகுந்த மூச்சுக் குரலில் நாண்கள் தொடாமலே அதிரக்கூடும். அப்போதும் மென்பொருள் ஓர் எண்ணைத் தந்துவிடும். அலையின் சரிவைக் கணக்கிட்டுப் பார்த்தால் பிடிபடும்: நாண்கள் சேரும் கணத்தில் எழ வேண்டிய கூர்மையான முகடு அதில் இருக்காது. அந்தச் சுற்றுகளைக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

தொடுகை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று கோடு போடுவதிலும் பல முறைகள் உண்டு. முறை மாறினால் எண்ணும் மாறும். ஒரே முறையில் அளந்த, ஒரே பேச்சாளரின் இரு குரல்வகைகளை ஒப்பிடும்போதுதான் இந்த எண்களை முழுதாக நம்பலாம்.