மேசையில் ஊன்றிய கை ஏன் வழுக்குகிறது?

முதியவர் ஒருவர் நாற்காலியிலிருந்து எழுகிறார். வலது உள்ளங்கையை மேசைமேல் ஊன்றி, முன்னால் சாய்ந்து, உடம்பின் பாரத்தைக் கைக்குக் கொடுத்து நிமிர்கிறார். அனிமேஷன் படத்தில் இது மூன்று நான்கு விநாடிக் காட்சி. ஊன்றிய கை அந்த நேரத்துக்குள் மேசைமேல் அரை அங்குலம் நகர்ந்தாலும் போதும், அவர் எடையே இல்லாத பொம்மையாகத் தெரிவார். காரணம் சொல்லத் தெரியாத பார்வையாளருக்கும் ஏதோ சரியில்லை என்று பட்டுவிடும்.

கணினியில் உருவாக்கிய கதாபாத்திரத்தின் உடலுக்குள் ஒரு எலும்புக்கூடு உண்டு. அதை அசைப்பதற்கான பிடிகளோடு சேர்த்து அதை ரிக் என்பார்கள். அதில் தோளோடு மேற்கையும், மேற்கையோடு முன்கையும், முன்கையோடு உள்ளங்கையும் கோர்க்கப்பட்டிருக்கும். இந்தக் கையை அசைக்க இரண்டு வழிகள் உண்டு. தோளை இவ்வளவு, முழங்கையை இவ்வளவு, மணிக்கட்டை இவ்வளவு என்று மேலிருந்து கீழாகத் திருப்பிக்கொண்டே வருவது ஃபார்வர்ட் கைனமாட்டிக்ஸ், சுருக்கமாக எஃப்கே. இதில் உள்ளங்கை எங்கே போய் நிற்கும் என்பது கடைசியில்தான் தெரியும். உள்ளங்கை இங்கேதான் இருக்க வேண்டும் என்று முதலிலேயே இடத்தைக் குறித்துவிட்டு, தோளும் முழங்கையும் எவ்வளவு மடங்க வேண்டும் என்ற கணக்கை மென்பொருளிடம் விடுவது இன்வர்ஸ் கைனமாட்டிக்ஸ், அதாவது ஐகே.

முதியவரின் காட்சியை முழுக்க எஃப்கேயில் செய்தால் என்ன ஆகும்? விநாடிக்கு 24 ஃபிரேம்கள். 20ஆம் ஃபிரேமில் கை மேசையைத் தொடுகிறது, 70ஆம் ஃபிரேமில் விலகுகிறது என்று வைத்துக்கொள்வோம். இந்த இரண்டு ஃபிரேம்களிலும் மூட்டுகளைத் திருப்பித் திருப்பி உள்ளங்கையைச் சரியாக அதே இடத்தில் உட்கார வைத்துவிடலாம். இடையில் உள்ள ஃபிரேம்களை நிரப்புவது கணினி. அது ஒவ்வொரு மூட்டின் கோணத்தையும் தனித்தனியாகச் சீராக மாற்றிக்கொண்டு போகும். உடம்போ முன்னால் சாய்ந்து மேலே எழுந்துகொண்டிருக்கிறது. அந்த நகர்வும் கைக்கோணங்களின் மாற்றமும் ஒவ்வொரு ஃபிரேமிலும் ஒன்றையொன்று ஈடுகட்டுவதில்லை. அதனால் கை மிதக்கிறது. 45ஆம் ஃபிரேமில் திருத்தினால் 32இலும் 58இலும் நழுவும். அங்கேயும் திருத்தினால் அவற்றுக்கு நடுவில் நழுவும். திருத்தங்கள் கூடக் கூட, வழுக்கிய கை நடுங்கும் கையாக மாறும்.

ஐகேயில் இந்தத் தொல்லை இல்லை. உள்ளங்கையின் பிடி மேசைமேல் நிற்கும். உடம்பு எங்கே போனாலும் முழங்கை தானாக மடங்கி நீளும்.

அதற்காக முழுக் காட்சியையும் ஐகேயிலேயே செய்துவிடவும் கூடாது. மடியிலிருந்து மேசைக்குப் போகும் கை, தோளையும் முழங்கையையும் மையமாக வைத்து வளைந்து போகும். எஃப்கேயில் மூட்டுகளைத் திருப்புவதால் அந்த வளைவு இயல்பாகவே கிடைக்கிறது. ஐகேயில் ஆரம்ப இடத்தையும் முடிவிடத்தையும் மட்டும் கொடுத்தால், கை இழுப்பறையைத் தள்ளியதுபோல நேர்கோட்டில் போகும். ஆகவே மேசைக்குப் போகும்வரை எஃப்கே, ஊன்றியிருக்கும்போது ஐகே என்று பிரித்துக்கொள்வதுதான் இந்தக் காட்சிக்குப் பொருத்தம்.

மாற்றும் இடத்தில் கவனம் வேண்டும். ரிக்கில் எஃப்கே கை ஒன்றும் ஐகே கை ஒன்றும் தனித்தனியாக இருக்கும். எதன் பேச்சை உடல் கேட்க வேண்டும் என்பதை ஓர் எண் தீர்மானிக்கும். பிளெண்டரின் ரிகிஃபை ரிக்கில் `IK-FK` என்ற அந்த அளவு 0 என்றால் ஐகே, 1 என்றால் எஃப்கே. 20ஆம் ஃபிரேமில் எஃப்கே கை மேசையைத் தொட்டு நிற்கும் நிலைக்கே ஐகே கையையும் பொருத்திவிட்டு, 19இல் 1, 20இல் 0 என்று ஒரே ஃபிரேமில் மாற்றிவிட வேண்டும். பொருத்தாமல் மாற்றினால் கை துள்ளும். துள்ளலை மறைக்க ஐந்தாறு ஃபிரேம்களுக்கு மெல்ல மாற்றினால், அவ்வளவு நேரமும் உள்ளங்கை இரண்டு இடங்களுக்கும் நடுவில் வழுக்கும். எதைத் தவிர்க்க இவ்வளவு பாடுபட்டோமோ அதுவே திரும்ப வந்துவிடும்.

ஐகேக்கே உரிய ஒரு கோளாறும் உண்டு: முழங்கை வெடுக்கென்று நிமிர்வது. ஒரு சின்னக் கணக்குப் போட்டால் காரணம் புரியும். மேற்கை 30 செ.மீ., முன்கை 25 செ.மீ. என்று கொள்வோம். தோளுக்கும் மணிக்கட்டுக்கும் உள்ள தூரம் d என்றால், பள்ளிக்கூட முக்கோணக் கணக்கிலேயே முழங்கையின் கோணம் கிடைத்துவிடும்:

```
cos(E) = (30² + 25² - d²) / (2 × 30 × 25)
```

தூரம் 45 செ.மீ. என்றால் கோணம் ஏறக்குறைய 109 பாகை. 46 ஆனால் 113, ஒரு செ.மீ. நகர்வுக்கு நான்கு பாகை கூட இல்லை. இதே கணக்கில் 54 செ.மீ.க்கு 158 பாகை. கை முழுக்க நீளும் 55 செ.மீ.க்கு 180. கடைசி ஒரு செ.மீ.க்குள் 22 பாகை திறந்துவிடுகிறது, அதிலும் கடைசி ஒரு மில்லிமீட்டரில் மட்டும் 7 பாகை. உடம்பு நிதானமாகத்தான் எழுகிறது. ஆனால் கை நேராகப் போகும் தறுவாயில் முழங்கை ஓரிரு ஃபிரேம்களில் பட்டென்று நிமிர்ந்துவிடுகிறது. தூரம் 55ஐத் தாண்டினால் கை எட்டாது. மென்பொருள் உள்ளங்கையை மேசையிலிருந்து பிய்த்துக்கொண்டு போய்விடும்.

இதற்கு வைத்தியம் கணக்கில் இல்லை, உடம்பில்தான் இருக்கிறது. கை நேராகும் முன்பே முதியவரின் தோள் கொஞ்சம் கீழே வரவேண்டும், அல்லது அவர் அந்தப் பக்கமாகச் சாய வேண்டும். நிஜ மனிதர்களும் அப்படித்தான் எழுகிறார்கள்.

உள்ளங்கையும் தோளும் நின்ற இடத்தில் நின்றாலும், முழங்கை அவற்றுக்கு நடுவே ஒரு வட்டத்தில் எங்கே வேண்டுமானாலும் இருக்க முடியும். எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்பதைச் சொல்வதற்கென்றே போல் என்ற ஒரு புள்ளியை வைப்பார்கள். உடம்பு முன்னால் போகும்போது அந்தப் புள்ளி அறையில் பழைய இடத்திலேயே நின்றுவிட்டால், முழங்கை விலாவுக்குள் திருகிக்கொண்டு போகும். அது உடலோடு சேர்ந்து நகரவேண்டும். எஃப்கேயிலிருந்து மாறும் ஃபிரேமில் உள்ளங்கையைப் பொருத்தும்போது இந்தப் புள்ளியையும் பொருத்துவது அவசியம். பலரும் விட்டுவிடுவது இதைத்தான்.

இத்தனைக்குப் பிறகும் கை நழுவினால் கிராஃப் எடிட்டரைத் திறந்து பார்க்க வேண்டும். 20இலும் 70இலும் உள்ளங்கைக்கு ஒரே இடம் கொடுத்திருந்தாலும், நடுவில் உள்ள கோடு அலைபோல் மேலெழும்பியோ தாழ்ந்தோ இருக்கலாம். கீ வைத்த புள்ளிகளில் கோட்டின் சாய்வு தட்டையாக இல்லாததுதான் காரணம். சாய்வைத் தட்டையாக்கினால் கோடு படுத்துவிடும், கையும் நின்றுவிடும்.

கை அசையாமல் நிற்பதால் மட்டும் பாரம் தெரிந்துவிடாது. பெரும்பாலான ரிக்குகளில் ஐகே தொடர் தோள்மூட்டில்தான் தொடங்குகிறது. காறை எலும்பு அந்தக் கணக்குக்குள் வராது. மேசையில் பாரம் இறங்கும்போது உடம்பு கைக்குக் கீழே அமிழ்ந்து, தோள் காதை நோக்கி ஏறுமல்லவா? அந்த ஏற்றத்தை அனிமேட்டர்தான் கையால் வைக்க வேண்டும். அதை விட்டுவிட்டால், முதியவர் மேசையைத் தொடுகிறாரே தவிர ஊன்றவில்லை.

கையை எடுக்கும்போது முதலில் உள்ளங்கையின் அடிப்பகுதி மேலே வரும், விரல்நுனிகள் கடைசியாக விலகும். ஐகே பிடி மணிக்கட்டில் இருப்பதால், அதை வெறுமனே உயர்த்தினால் விரல்களும் சேர்ந்து கிளம்பிவிடும். ஊன்றும் காட்சிகளுக்கென்று செய்த ரிக்குகளில் விரல்நுனியைச் சுழல்மையமாகக் கொண்ட இன்னொரு பிடி இருக்கும். அது இல்லாவிட்டால், மணிக்கட்டு ஏற ஏற விரல்களை ஃபிரேம் ஃபிரேமாகக் கீழே வளைத்து மேசையில் நிறுத்த வேண்டும். 70ஆம் ஃபிரேமில் கடைசி விரல் விலகிய பிறகுதான் எஃப்கே கையை ஐகே கையின் நிலைக்குப் பொருத்தி `IK-FK` அளவை மறுபடி 1 ஆக்க வேண்டும்.