ஒரே மெத்தையில் இரண்டு பிள்ளைகள்

வீட்டில் இரண்டாவது குழந்தை பிறந்ததுமே மூத்த பிள்ளை, "பாப்பா என் பக்கத்துல படுக்கட்டும்" என்று கேட்கத் தொடங்கிவிடும். ஆசையாகத்தான் கேட்கிறது. ஆனாலும் இளையதற்கு ஒரு வயது நிறையும்வரை சம்மதிக்கக் கூடாது. நான்கு வயதுப் பிள்ளை அசந்து தூங்கும்போது அதன் கையோ போர்வையோ கைக்குழந்தையின் மூக்கை அடைத்துவிடலாம். அதை விலக்கக் குழந்தைக்குத் தெம்பு கிடையாது. பக்கத்தில் படுத்திருக்கும் பிள்ளைக்கோ எதுவும் தெரியாது. அறை ஒன்றாக இருக்கலாம், படுக்கை தனியாக இருக்க வேண்டும்: அமுங்காத சமமான விரிப்பு, மல்லாந்த நிலை, தலையணை வேண்டாம்.

ஒரு வயதுக்கு மேல் ஆபத்து குறைகிறது. ஆனாலும் இளையதற்கு இரண்டு வயதாகும்வரை காத்திருப்பது நல்லது. அந்த வயதில் மேலே விழுந்த காலைத் தள்ளிவிடும், புரண்டு எழுந்து உட்காரும், "அம்மா" என்று கூப்பிடும்.

அடுத்து படுக்கை. பாயோ தரையில் போட்ட மெத்தையோதான் எல்லாவற்றிலும் பாதுகாப்பானது, உருண்டாலும் அடிபடாது. கட்டில் என்றால் சுவருக்கும் மெத்தைக்கும் நடுவில் உள்ள இடைவெளியைப் பாருங்கள். பிள்ளைகள் கீழே விழுவதைத்தான் எல்லோரும் நினைத்துப் பயப்படுகிறோம். இந்தச் சந்தில் உடல் இறங்கித் தலை மாட்டிக்கொள்வது அதைவிடக் கொடியது. தலையணையைச் செருகி அடைத்தால் இரவில் அது நழுவிவிடும். கட்டில் நகராதபடி சுவரோடு ஒட்டிப் போடுங்கள். முடியாவிட்டால் மெத்தையைத் தரைக்கு இறக்கிவிடுங்கள். ஆளுக்கொரு சிறு போர்வை கொடுங்கள். ஒரே பெரிய போர்வை என்றால் இரவெல்லாம் இழுபறிதான், சின்னதன் முகத்தையும் அது மூடிவிடும். அடுக்குக் கட்டில் வாங்கினால் ஆறு வயதாகாத பிள்ளையை மேல் தட்டில் ஏற்ற வேண்டாம்.

இவ்வளவும் செய்தபிறகும் இரவில் ரகளை நடக்கலாம். பெரும்பாலும் அதற்குக் காரணம் படுக்கை அல்ல, பகல் தூக்கம். ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். அண்ணனுக்கு ஆறு வயது, தங்கைக்கு மூன்று. பள்ளிக்குப் போக அண்ணன் காலை 6:30 மணிக்கு எழ வேண்டும். அந்த வயதில் 9 முதல் 12 மணி நேரம் தூங்க வேண்டும் என்பதால், 8:30 மணிக்குக் கண்ணயர்ந்தால்தான் பத்து மணி நேரம் கிடைக்கும். தங்கையோ மதியம் 3 மணிக்குப் படுத்து 5 மணிக்கு எழுகிறாள். இரவு பத்து மணிவரை அவளுக்குத் தூக்கம் வராது. அண்ணனைச் சீண்டுவாள், தண்ணீர் கேட்பாள், பாட்டுப் பாடுவாள். அவனுக்கு ஒன்றரை மணி நேரத் தூக்கம் போகிறது. மறுநாள் வகுப்பில் அவன் சிடுசிடுப்பதற்கு விதை இங்கேதான் விழுகிறது.

தங்கையை மதியம் 1 மணிக்கே படுக்க வைத்து 2:30 மணிக்கு எழுப்பிவிட்டால், சில நாட்களில் இரவுத் தூக்கம் முன்னால் நகர்ந்து வரும். அதுவரை அண்ணனை முதலில் தூங்க வைத்து, அவன் அசந்தபிறகு அவளை அழைத்து வாருங்கள். இரண்டு வாரம் இப்படிச் செய்தும் ஒருவர் மற்றவரை எழுப்பிக்கொண்டே இருந்தால் படுக்கையைப் பிரிக்க வேண்டியதுதான்.

வேறு சில சமயங்களில் இரண்டு வாரமெல்லாம் காத்திருக்கக் கூடாது. ஒருவருக்குச் சிரங்கோ சொறியோ வந்தால் அன்றைக்கே தனியாகப் படுக்க வையுங்கள். ஆசனவாயில் இரவு நேரத்தில் அரிப்பு இருந்தால் அது கீரிப்பூச்சியாக இருக்கலாம். அதன் முட்டைகள் விரிப்பின் வழியாகவும் பரவும் என்பதால் மருத்துவர் வழக்கமாக வீட்டில் எல்லோருக்கும் சேர்த்தே மருந்து கொடுப்பார். படுக்கையில் சிறுநீர் போவது ஐந்து வயதுவரை சாதாரணம். அதற்காகத் திட்டவோ கேலி செய்யவோ கூடாது. ஆனால் மற்ற பிள்ளை நனைந்து எழ நேர்ந்தால் இருவருக்கும் தனி விரிப்புதான் வழி.

நேற்றுவரை ஒட்டிப் படுத்த பிள்ளை திடீரென்று "அவன்கூட படுக்க மாட்டேன்" என்றால் காரணம் கேட்டு மல்லுக்கட்ட வேண்டாம். அன்றிரவே இடத்தை மாற்றுங்கள், பிறகு தனியாக உட்கார்ந்து நிதானமாகக் கேளுங்கள். உதைத்திருக்கலாம், பயமுறுத்தியிருக்கலாம், பிடிக்காத விதத்தில் தொட்டிருக்கலாம். "அண்ணன்தானே" என்று சொல்லி அனுப்பிவைத்தால் அடுத்த தடவை அது வாய் திறக்காது. எதுவும் நடக்காவிட்டாலும் எட்டு, ஒன்பது வயதில் உடை மாற்றும்போது கதவைச் சாத்தத் தொடங்கும் பிள்ளைக்குத் தனிப் படுக்கை வேண்டும். இஸ்லாமிய மரபு பத்து வயதுக்குள் படுக்கையைப் பிரிக்கச் சொல்கிறது.

ஓர் அறை வீட்டிலும் இது முடியும். முதலில் இரண்டு மெத்தைகளை அருகருகே போட்டு, ஒரு வாரம் கழித்து ஒரு முழம் தள்ளுங்கள். மூத்த பிள்ளையை நகர்த்தினால் "பெரியவன் ஆனதால் உனக்குத் தனி இடம்" என்று சொல்லுங்கள், தண்டனையாகத் தோன்றாது. காய்ச்சல் நேரத்திலும் பள்ளி திறக்கும் வாரத்திலும் மட்டும் இந்த மாற்றத்தைத் தொடங்காதீர்கள்.