அணைத்த பிறகும் எரியும் பல்பு!

பேயும் இல்லை, பிசாசும் இல்லை, காரணம் மின்சாரமே

சுவிட்சை அணைத்தாயிற்று. வீடு இருண்டுவிட்டது. ஆனால் பல்பு மட்டும் பூனைக் கண்போல் மங்கலாக ஒளிர்கிறது! சில வீடுகளில் விட்டு விட்டு மின்னுகிறது. இது எப்படி?

பழைய குண்டு பல்பில் இந்த வேடிக்கை இல்லை. அதன் இழை பழுக்கக் காய்ந்தால்தான் வெளிச்சம் வரும். 60 வாட் குண்டு பல்புக்கு ஏறக்குறைய 260 மில்லி ஆம்பியர் மின்சாரம் வேண்டும். எல்.இ.டி. பல்போ ஒரு மில்லி ஆம்பியருக்கும் குறைவாகக் கிடைத்தாலே மங்கலாக எரியும்.

சி.எப்.எல். பல்பு வேறு விதம். குழாயில் சொட்டும் நீர் குடத்தில் சேருவதுபோல, கசியும் மின்சாரம் அதன் உள்ளே இருக்கும் கண்டென்சரில் சேரும். போதிய அளவு சேர்ந்ததும் பல்பு ஒரு முறை மின்னி அணையும். மறுபடியும் சேரும், மறுபடியும் மின்னும்.

கசிவு எங்கிருந்து?

திருச்சியில் ஒரு மாடி வீடு என்று வைத்துக்கொள்வோம். சுவிட்சில் ஒரு சிறு சிவப்பு விளக்கு இருக்கிறது. இருட்டில் சுவிட்சைக் காட்டும் அந்த விளக்குக்குச் செல்லும் மின்சாரம், பல்பின் வழியாகத்தான் போகிறது. சிவப்பு விளக்கின் இணைப்பைக் கழற்றினால் தொல்லை தீரும்.

ஸ்ரீரங்கத்தில், வாசலிலிருந்து கொல்லை வரை நீண்ட பழைய வீடு. சிவப்பு விளக்கு இல்லை. ஆனால் இரண்டு கம்பிகள் ஒரே குழாயில் நெடுந்தூரம் சேர்ந்து ஓடுகின்றன. ஒன்றில் ஓடும் மின்சாரம், தொடாமலே மற்றதில் சிறிது தோன்றும். இதனால் ஆபத்து இல்லை. பல்புக்கு இணையாக அதற்குரிய கண்டென்சர் ஒன்றைப் பொருத்தினால் நிற்கும்.

இதுதான் ஆபத்து!

மூன்றாவது காரணம் பொல்லாதது. பேஸ் கம்பியில் இருக்க வேண்டிய சுவிட்ச், தவறாக நியூட்ரல் கம்பியில் இருக்கிறது. சுவிட்சை அணைத்தாலும் ஹோல்டரில் 230 வோல்ட் இருந்துகொண்டே இருக்கும். 'அணைத்துவிட்டோமே' என்று பல்பு மாற்றக் கை வைத்தால் ஷாக் அடிக்கும், உயிரே போகலாம்.

கண்டுபிடிப்பது எப்படி? இது எலக்ட்ரீஷியன் செய்ய வேண்டிய வேலை. பல்பைக் கழற்றி, சுவிட்சை அணைத்து, அதன் இரு முனைகளிலும் டெஸ்டர் வைப்பார். ஒரு முனையில் பளிச்சென்று எரிந்தால் சரி. இரண்டிலும் எரியாவிட்டால் பேஸ் அங்கே வரவில்லை. கம்பிகளை மாற்ற வேண்டும். ஹோல்டரில் மட்டும் வைத்துப் பார்த்தால் போதாது. தொடாமல் தோன்றும் மின்சாரத்துக்கும் டெஸ்டர் மங்கலாக எரியும்.

அணைத்த சில விநாடிகளில் மறையும் ஒளிக்குப் பயம் வேண்டாம். விடிய விடிய ஒளிர்ந்தால், காரணம் தெரியும்வரை மெயின் சுவிட்சை அணைக்காமல் அந்தப் பல்பைத் தொடக் கூடாது.