கோட்டைச் சுற்றி ஒரு சாம்பல் பட்டை

காரின் குதிரைத்திறன் கூடினால் மைலேஜ் குறையும் என்பது வண்டி வைத்திருக்கும் எல்லோருக்கும் தெரியும். எவ்வளவு குறையும் என்று கேட்டால்தான் பதில் சொல்லத் தடுமாறுவோம். ஆர் மொழியோடு சேர்ந்தே வரும் mtcars என்ற தரவுத் தொகுப்பை வைத்து இந்தக் கேள்விக்கு விடை தேடலாம். 1974-இல் அமெரிக்காவின் ‘மோட்டார் டிரெண்ட்’ இதழில் வெளியான 32 கார்களின் விவரங்கள் அதில் இருக்கின்றன. hp என்ற பத்தி குதிரைத்திறன். mpg என்பது ஒரு கேலனுக்கு ஓடும் மைல்.

ஆர் மொழியில் வரைபடம் போடப் பெரும்பாலோர் பயன்படுத்துவது ggplot2 என்ற தொகுப்பு. புள்ளிகளைப் போட்டு, அவற்றின் ஊடே தொடர்புப் போக்குக் கோட்டையும் இழுக்க இவ்வளவு எழுதினால் போதும்:

```r
library(ggplot2)
ggplot(mtcars, aes(hp, mpg)) +
  geom_point() +
  geom_smooth(method = "lm")
```

திரையில் புள்ளிகளும், இடமிருந்து வலமாகச் சரிந்து இறங்கும் ஒரு நீலக் கோடும், அதைச் சுற்றி வெளிர் சாம்பல் பட்டையும் தெரியும். கோடு சொல்லும் கணக்கு எளியது: குதிரைத்திறன் 100 கூடினால் மைலேஜ் சுமார் 6.8 மைல் குறைகிறது. சிக்கல் அந்தப் பட்டையில்தான் இருக்கிறது. அதைத் தப்பாகப் படிப்பவர்களே அதிகம்.

95 சதவீதப் பட்டை என்றதும், நூறு கார்களில் தொண்ணூற்றைந்து அதற்குள் அடங்கும் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். 150 குதிரைத்திறன் உள்ள இடத்தைப் பாருங்கள். அங்கே கோடு 19.9 மைல் என்கிறது. பட்டை 18.5 முதல் 21.3 வரை. சரியாக 150 குதிரைத்திறனில் தொகுப்பில் இரண்டு கார்கள் உண்டு. டாட்ஜ் சேலஞ்சர் தருவது 15.5 மைல், ஏஎம்சி ஜாவெலின் தருவது 15.2. இரண்டுமே பட்டைக்கு வெளியே கிடக்கின்றன. ஆனாலும் கணக்கில் தவறில்லை. 150 குதிரைத்திறன் கார்களின் சராசரி மைலேஜ் எந்த எல்லைக்குள் இருக்கும் என்பதைத்தான் பட்டை சொல்கிறது. தனி ஒரு காரைப் பற்றி அது பேசவே இல்லை.

தனி காருக்கு எல்லை வேண்டுமென்றால் கேட்க வேண்டியது முன்கணிப்பு இடைவெளி. அதே 150-இல் அது 11.9 முதல் 27.9 வரை விரிகிறது. சேலஞ்சரும் ஜாவெலினும் அதற்குள் வசதியாக அடங்கிவிடுகின்றன. இந்த அகலமான பட்டையை geom_smooth போட்டுத் தராது. predict கட்டளையில் interval = "prediction" என்று கேட்டு, வரும் எண்களை geom_ribbon கொண்டு நாமே வரைந்துகொள்ள வேண்டும்.

இனி வரைபடத்தின் வலது ஓரத்துக்குப் போவோம். அங்கே 335 குதிரைத்திறனோடு மசெராட்டி போரா தனியாக நிற்கிறது. நேர்கோட்டின்படி அதற்கு 7.2 மைல்தான் கிடைக்க வேண்டும். உண்மையில் அது தருவது 15. அந்த இடத்தில் பட்டையின் மேல் எல்லையே 11.4-ஐத் தாண்டவில்லை. தனி காரைப் பற்றிப் பட்டை பேசாது என்றோமே, பிறகென்ன என்று கேட்கலாம். விலகுவது மசெராட்டி மட்டுமாக இருந்தால் அப்படிச் சொல்லி விட்டுவிடலாம். புள்ளிகளின் போக்கே வளைந்திருக்கிறது: தொடக்கத்தில் செங்குத்தாக இறங்கி, போகப்போகத் தட்டையாகிறது. வளைந்த போக்கின் மேல் நேர்கோட்டைத் திணித்தால் பட்டையும் அந்தத் தப்பைச் சுமந்துகொண்டுதான் வரும். நேர்கோடு சரி என்று வைத்துக்கொண்டு அதன் சாய்வும் உயரமும் எவ்வளவு தடுமாறலாம் என்று மட்டுமே பட்டை அளக்கிறது. கோட்டின் வடிவமே பொருந்துமா என்பது அதன் கணக்கில் வராது.

ஆகவே method என்ற இடத்தில் எதை எழுதுகிறோம் என்பது முக்கியமாகிறது. அங்கே ஒன்றும் எழுதாமல் விட்டால் ggplot2 தானே முடிவு செய்துகொள்ளும். புள்ளிகள் 1000-க்குக் குறைவாக இருந்தால் loess, அதற்கு மேல் போனால் gam. எதைத் தேர்ந்தது என்பதையும் ஒரு வரிச் செய்தியாகத் திரையில் காட்டும். அந்தச் செய்தியைப் படிக்காமல் போவதால்தான், இழுத்தது எந்தக் கோடு என்றே தெரியாமல் பலர் அறிக்கையில் ஒட்டிவிடுகிறார்கள்.

loess முழுத் தரவுக்கும் ஒரே சமன்பாட்டைத் தேடுவதில்லை. ஒவ்வோர் இடத்திலும் பக்கத்துப் புள்ளிகளை மட்டும் எடுத்து, அருகில் இருப்பதற்கு அதிக எடை கொடுத்து, அங்கங்கே ஒரு சிறு வளைவைப் பொருத்திக்கொண்டே போகும். எத்தனை புள்ளிகள் என்பதை span தீர்மானிக்கிறது. வழக்கமான அளவு 0.75. நம் தொகுப்பில் அது 24 கார்கள். இதைக் குறைத்தால் கோடு ஒவ்வொரு புள்ளியின் பின்னாலும் ஓடி நெளியும். நம் கார்களுக்கு loess போட்டால் கோடு வளைந்து இறங்கி, மசெராட்டிக்கு அருகே போய் முடிகிறது. அங்கே பட்டையும் நன்றாக அகன்றுவிடுகிறது. 264-க்கும் 335-க்கும் இடையில் ஒரு கார்கூட இல்லாதபோது அப்படி அகல்வதுதான் நேர்மை. ஆனால் loess கையில் சமன்பாடு எதையும் தராது. 100 குதிரைத்திறனுக்கு இத்தனை மைல் என்று ஒரே எண்ணில் சொல்லவும் முடியாது.

சமன்பாடும் வேண்டும், வளைவும் வேண்டும் என்றால் lm-ஐ விட்டுவிடாமல் அதன் வாய்ப்பாட்டை மாற்றலாம்:

```r
geom_smooth(method = "lm",
            formula = y ~ poly(x, 2))
```

இருபடி வளைவு மசெராட்டிக்கு 16.2 மைல் சொல்கிறது. உண்மையான 15-க்கு இது பக்கம்தான். மைலேஜ் வேறுபாட்டில் நேர்கோடு 60 சதவீதத்தை விளக்கியது, இது 76 சதவீதத்தை விளக்குகிறது. ஆனாலும் ஒரு கோளாறு உண்டு. 253 குதிரைத்திறனைத் தாண்டியதும் வளைவு மேலே திரும்பிவிடுகிறது. எஞ்சின் பெரிதாகப் பெரிதாக மைலேஜ் கூடும் என்று எந்த மெக்கானிக்கும் ஒப்புக்கொள்ள மாட்டார். ஒற்றை மசெராட்டிதான் வளைவை மேலே இழுத்துப் பிடித்திருக்கிறது. இருபடி வளைவை 250 வரை நம்பலாம், அதற்கு மேல் நம்பக் கூடாது.

அப்படியானால் அந்தக் காரை மட்டும் மறைத்துப் பார்க்கலாமே என்று அச்சின் எல்லையைச் சுருக்குவார்கள். அங்கே ஒரு பொறி இருக்கிறது. xlim(50, 300) என்று கொடுத்தால் மசெராட்டி படத்திலிருந்து மட்டுமல்ல, கணக்கிலிருந்தும் போய்விடும். நேர்கோடு புதிதாகக் கணக்கிடப்பட்டு, 100 குதிரைத்திறனுக்கு 6.8 மைல் என்றிருந்த சரிவு 8.2 ஆகிவிடும். ஒரு வரிசை நீக்கப்பட்டது என்ற எச்சரிக்கை வரும், அவ்வளவுதான். கணக்கு மாறாமல் பார்வையை மட்டும் நெருக்க, coord_cartesian(xlim = c(50, 300)) என்று எழுத வேண்டும்.

புதிய தரவு கையில் கிடைத்தால் முதலில் loess போட்டுப் போக்கின் வடிவத்தைப் பாருங்கள். அது ஏறத்தாழ நேராகத் தெரிந்தால் lm-க்கு மாறுங்கள். வளைந்திருந்தால் அந்த வளைவுக்கு ஏற்ற வாய்ப்பாட்டைத் தேடுங்கள், புள்ளிகள் அருகிப்போகும் ஓரத்தில் அது சொல்வதை நம்பாதீர்கள். படத்தை அச்சுக்குக் கொடுக்கும் முன், எந்த முறை, எத்தனை சதவீதப் பட்டை, அது சராசரிக்கா தனி காருக்கா என்ற மூன்றையும் அடிக்குறிப்பில் எழுதிவிடுங்கள். இந்த மூன்றும் இல்லாத பட்டையை நம்பி வாசகர் எந்த முடிவுக்கும் வர முடியாது.