நான்கு கிரெடிட் கணக்கும் ஒரு கிரெடிட் தமிழர் மரபும்

செமஸ்டர் முடிவு வந்ததும் பல வீடுகளில் ஒரு குழப்பம் வரும். ஒன்பது பாடங்களின் கிரேடு பாயிண்டையும் கூட்டி ஒன்பதால் வகுத்தால் ஒரு எண் கிடைக்கிறது. பல்கலைக்கழகம் தரும் ஜிபிஏ வேறாக இருக்கிறது. பல்கலைக்கழகம் தவறு செய்யவில்லை. அது எல்லாப் பாடத்தையும் ஒரே எடையில் வைத்துப் பார்ப்பதில்லை, அவ்வளவுதான்.

அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 விதிமுறைப்படி, பொறியியல் முதல் செமஸ்டரை எடுத்துக்கொள்வோம். ஆங்கிலம், இயற்பியல், வேதியியல், பைத்தான் நான்குக்கும் மும்மூன்று கிரெடிட். கணிதத்துக்கு நான்கு. தமிழர் மரபு என்ற பாடத்துக்கு ஒன்று. பைத்தான் லேப், இயற்பியல்-வேதியியல் லேப் இரண்டுக்கும் தலா இரண்டு, ஆங்கில லேபுக்கு ஒன்று. மொத்தம் 22.

இந்த எடை வகுப்பு நேரத்திலிருந்து வருகிறது. வாரத்துக்கு ஒரு பீரியட் பாடம் நடந்தால் ஒரு கிரெடிட். லேப் என்றால் இரண்டு பீரியடுக்குத்தான் ஒரு கிரெடிட். ஆகவே வாரம் நான்கு பீரியட் நடக்கும் கணிதத்துக்கு நான்கு கிரெடிட், அதே நான்கு பீரியட் நடக்கும் பைத்தான் லேபுக்கு இரண்டுதான்.

இப்போது ஒரு மாணவியின் முடிவைக் கணக்கிடுவோம். ‘ஓ’ கிரேடுக்கு 10, ‘ஏ பிளஸ்’ 9, ‘ஏ’ 8, ‘பி பிளஸ்’ 7, ‘பி’ 6, ‘சி’ 5. அவள் ஆங்கிலத்திலும் பைத்தானிலும் ‘ஏ’, இயற்பியலிலும் வேதியியலிலும் ‘பி பிளஸ்’, கணிதத்தில் ‘பி’, தமிழர் மரபில் ‘ஓ’ வாங்கியிருக்கிறாள். லேப்களில் பைத்தானுக்கும் ஆங்கிலத்துக்கும் ‘ஓ’, இன்னொன்றில் ‘ஏ பிளஸ்’. ஒவ்வொரு பாடத்தின் புள்ளியையும் அதன் கிரெடிட்டால் பெருக்க வேண்டும். ஆங்கிலமும் பைத்தானும் 24, 24, இயற்பியலும் வேதியியலும் 21, 21, கணிதம் 24, தமிழர் மரபு 10, லேப்கள் 20, 18, 10. கூட்டினால் 172. அதை 22ஆல் வகுத்தால் 7.82. சாதாரணச் சராசரி போட்டிருந்தால் 8.33 வந்திருக்கும். அவள் ‘ஓ’ வாங்கிய மூன்றும் சிறிய கிரெடிட் பாடங்கள். பெரிய கிரெடிட் உள்ள கணிதத்தில்தான் சறுக்கியிருக்கிறாள்.

எங்கே உழைத்தால் எவ்வளவு ஏறும் என்பதும் இதிலேயே தெரிகிறது. கணிதத்தில் ஒரு கிரேடு உயர்ந்தால் ஜிபிஏ 0.18 கூடும். தமிழர் மரபில் ஒரு கிரேடு உயர்ந்தால் 0.05கூடக் கூடாது.

அரியர் விழுந்தால் என்ன ஆகும்? பெற்றோர் கவனமாகப் பார்க்க வேண்டிய இடம் இது. இதே மாணவி கணிதத்தில் தேறாமல் ‘யூ’ வாங்கியிருக்கிறாள் என்று வையுங்கள். இந்த விதிமுறை ‘யூ’ பெற்ற பாடத்தைக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. புள்ளி 148 ஆகக் குறையும், ஆனால் வகுக்கும் எண்ணும் 18 ஆகிவிடும். ஜிபிஏ 8.22! தேறியபோது வந்த 7.82ஐவிட, தோற்றபோது அதிகம். தேறாத பாடத்துக்குப் பூஜ்யம் போட்டு, கிரெடிட்டை மட்டும் விடாமல் வகுக்கும் முறையும் உண்டு. அந்த முறையில் இதே முடிவுக்கு 6.73தான் வரும். ஒரே மாணவி, ஒரே விடைத்தாள்கள், ஒன்றரைப் புள்ளி வித்தியாசம். அரியர் உள்ள செமஸ்டரின் ஜிபிஏயைத் தனியாகச் சொல்வதில் அர்த்தமே இல்லை என்பது என் உறுதியான கருத்து. எத்தனை கிரெடிட்டுக்கு அந்த எண் என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் அது முழுத் தகவல்.

நாமே போட்ட கணக்கு சரியா என்று பார்க்க ஒரு எளிய வழி உண்டு. வந்த ஜிபிஏயை மொத்த கிரெடிட்டால் திரும்பப் பெருக்குங்கள். கிரெடிட்டுகள் எல்லாம் முழு எண்களாக இருந்தால் விடையும் ஏறக்குறைய முழு எண்ணாக வர வேண்டும். 7.82ஐ 22ஆல் பெருக்கினால் 172.04; இரண்டு தசமத்தோடு நிறுத்தியதால் வந்த சிறு மிச்சம் அது. 8.33ஐப் பெருக்கினால் 183.26 வருகிறது, எங்கோ பிசகிவிட்டது என்று உடனே தெரிந்துவிடும். ஒன்றரை கிரெடிட் லேப் இருக்கும் செமஸ்டரில் மட்டும் அரையில் முடிவதும் சரியே.

தன்னாட்சிக் கல்லூரிகளில் பாடங்களின் கிரெடிட்டும் அரியர் விதியும் வேறாக இருக்கலாம். ஆகவே கணக்குப் போடும் முன் உங்கள் கல்லூரிப் பாடத்திட்டத்தின் அந்தந்த செமஸ்டர் பக்கத்தைத் திறந்து, அங்கே அச்சாகியிருக்கும் மொத்த கிரெடிட்டை முதலில் குறித்துக்கொள்ளுங்கள்.