கடல் எல்லா ஊரிலும் இருக்கு... உப்பு ஏன் தூத்துக்குடியில் விளைகிறது?

மழைக்காலத்தில் கல் உப்பு ஜாடியைத் திறந்து பாருங்கள். அடியில் கொஞ்சம் தண்ணீர் விட்டிருக்கும். சில கடை உப்பு அதிகமாக நீர் விடும், சிலது மணல் மாதிரி உலர்ந்தே இருக்கும். இரண்டும் கடல் உப்புதானே, அப்புறம் ஏன் இந்த வித்தியாசம்? இதற்குப் பதில் சமையலறையில் இல்லை. அது தெரிய உப்பளப் பாத்திக்குப் போக வேண்டும்.

தமிழ்நாட்டுக் கடற்கரை ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் நீளம். ஆனாலும் தூத்துக்குடி, ராமநாதபுரம், வேதாரண்யம், மரக்காணம் என்று சில இடங்களில்தான் உப்பளங்கள் பரந்து கிடக்கின்றன. அதிலும் முன்னால் நிற்பது தூத்துக்குடி. இந்தியாவில் உப்பு உற்பத்தியில் குஜராத்துக்கு அடுத்த இடம் தமிழ்நாட்டுக்குக் கிடைக்க இந்த மாவட்டமே முக்கியக் காரணம். கடல்நீரை வெயிலில் காய வைத்தால் உப்பு வந்துவிடும் என்றால், கடல் உள்ள எல்லா ஊரிலும் விளைய வேண்டுமே! ஏன் விளைவதில்லை?

தண்ணீரை விரட்டும் வேலை

ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்புகள் கரைந்திருக்கின்றன. அதில் நாம் சாப்பிடும் உப்பு ஏறக்குறைய 27 கிராம். மீதி சுண்ணாம்பு, ஜிப்சம், மெக்னீசியம், பொட்டாசியம் வகைகள்.

ஒரு சதுர மீட்டர் பாத்தி ஒன்றைக் கற்பனை செய்துகொள்வோம். அதில் 10 சென்டிமீட்டர் உயரத்துக்குக் கடல்நீரை விடுகிறோம். அதாவது 100 லிட்டர். இது வற்றி 50 லிட்டர் ஆகும்போது உப்பு வராது. 20 லிட்டரிலும் வராது. சுமார் 10 லிட்டராகச் சுண்டிய பிறகுதான் முதல் உப்புப் பரல் கண்ணில் படும். பத்தில் ஒன்பது பங்கு தண்ணீரை விரட்டியாக வேண்டும். அதற்கு மேலும் சுண்டினால் ஏறக்குறைய 2 கிலோ உப்பு கிடைக்கும்.

வெயில் காலத்தில் ஒரு நாளைக்கு 6 மில்லிமீட்டர் ஆவியாகிறது என்று வைத்துக்கொண்டால், 9 சென்டிமீட்டர் தண்ணீர் போக 15 நாள் ஆகும். உண்மையில் இன்னும் கூடுதலாகவே ஆகும். நீர் அடர்த்தியாக ஆக ஆவியாகும் வேகம் குறைந்துகொண்டே வரும். உப்பு தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும், லேசில் விடாது.

ஆக, உப்பு விளைய ஒரே கணக்குதான். மேலே போகிற தண்ணீர், மழையாக வருகிற தண்ணீரைவிட மிக அதிகமாக இருக்க வேண்டும். அதுவும் வாரக்கணக்கில், தொடர்ந்து.

மலைக்கு அந்தப் பக்கம் மழை, இந்தப் பக்கம் காற்று

தூத்துக்குடியில் ஆண்டுக்குச் சராசரியாக 65 சென்டிமீட்டர் அளவுக்குத்தான் மழை. கேரளத்தில் இதைப்போல நான்கு மடங்குக்கு மேல். தென்மேற்குப் பருவக்காற்று கொண்டு வரும் ஈரத்தை மேற்குத் தொடர்ச்சி மலை அந்தப் பக்கமே இறக்கி வைத்துவிடுகிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை மலையைத் தாண்டி தூத்துக்குடிக்கு வந்து சேர்வது பெரும்பாலும் வறண்ட மேல்காற்றுதான். முப்பந்தலிலும் கயத்தாற்றிலும் காற்றாலைகளைச் சுழற்றும் அதே காற்று.

மொத்த மழை குறைவு என்பது பாதி காரணம். மழை ஒரே காலத்தில் வருகிறது என்பது இன்னொரு பாதி. இங்கே பெரும்பங்கு மழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை, வடகிழக்குப் பருவத்தில் பெய்துவிடும். அதே 65 சென்டிமீட்டர் மழை வருடம் முழுக்க வாரம் ஒரு தூறலாகப் பெய்தால் உப்பளமே நடத்த முடியாது.

'வெயில் இருந்தா போதாதா, காற்று எதுக்கு?' என்று கேட்கலாம். துணி காய்கிற மாதிரிதான் இதுவும். ஆவியாகும் ஈரம் பாத்தியின் மேலேயே தங்கிவிட்டால் அடுத்த ஈரம் எழும்பாது. காற்று வந்து அதைத் தள்ளிக்கொண்டு போக வேண்டும். வருகிற காற்றும் உலர்ந்ததாக இருக்க வேண்டும். நீரும் காற்றும் ஒரே சூட்டில் இருக்கும்போது, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தொட்டால் முற்றிய உப்புநீர் ஆவியாவது நின்றுவிடும். அதற்கு மேல் போனால் உப்பே காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கத் தொடங்கும். கடற்காற்று மட்டும் வீசும் புழுக்கமான கரையில் வெயில் அடித்தும் உப்பு மந்தமாக விளைவதற்கு இதுதான் காரணம். தூத்துக்குடியின் பலம், தரைப் பக்கமிருந்து வருகிற வறண்ட காற்று.

தட்டையான நிலம் ஏன்?

பாத்தியில் நீர் சில சென்டிமீட்டர் ஆழம்தான் நிற்கும். நிலம் ஒரு பக்கம் 5 சென்டிமீட்டர் சரிந்திருந்தால்கூட, ஒரு ஓரம் காய்ந்து மண்ணோடு ஒட்டிக்கொள்ளும். மறு ஓரத்தில் நீர் தேங்கி முற்றாமல் கிடக்கும். இயற்கையாகவே சமமான கரை கிடைத்தால், லேசான இறக்கத்தை வைத்தே ஒரு பாத்தியிலிருந்து அடுத்த பாத்திக்கு நீரைப் பாய்ச்சிவிடலாம்.

மண்ணும் முக்கியம். களிமண் கலந்த தரையாக இருந்தால்தான் நீர் கீழே இறங்காது. ஒவ்வொரு பருவத்தின் தொடக்கத்திலும் பாத்தியைச் சுத்தம் செய்து, கால்களால் மிதித்து மிதித்து இறுக்குவது இதற்காகத்தான். கசிவு இருக்கிறதா என்று கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. தண்ணீர் மட்டம் இறங்குகிறது, ஆனால் 'டிகிரி' ஏறவில்லை என்றால், தண்ணீர் மேலே போகவில்லை, கீழே போகிறது என்று அர்த்தம்.

தூத்துக்குடியில் பல உப்பளங்கள் கடல்நீரை நேராக எடுப்பதும் இல்லை. கிணறோ ஆழ்துளையோ போட்டு நிலத்தடி உப்புநீரை இறைக்கிறார்கள். அதில் உப்பு கடல்நீரைவிடக் கூடுதலாக இருக்கும். இரு மடங்கு இருந்தால், விரட்ட வேண்டிய தண்ணீர் ஏறக்குறைய பாதியாகிவிடும்.

அது என்ன 'டிகிரி'?

இது வெப்பத்தின் டிகிரி இல்லை. உப்புநீர் எவ்வளவு கனமாக இருக்கிறது என்பதை அளக்கும் பாமே அளவு. நீரில் மிதக்கவிடும் ஒரு கண்ணாடிக் குழாயை வைத்துப் பார்ப்பார்கள். கடல்நீர் சுமார் 3 டிகிரியில் தொடங்கும். உப்பளத்தின் மொத்தத் தொழிலும் இந்த எண்ணைப் பார்த்துத்தான் நடக்கிறது.

முதலில் நீர் பெரிய தேக்கங்களில் நின்று வற்றும். அங்கே சுண்ணாம்பு படியும். சுமார் 13 டிகிரிக்கு மேல் ஜிப்சம் தரையில் படிய ஆரம்பிக்கும். 25 டிகிரியை நெருங்கும்போது நீரை உப்புப் பாத்திக்குத் திருப்பிவிடுவார்கள். இனிமேல் படிவதுதான் நமக்கு வேண்டிய உப்பு. பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர் போக வேண்டியது இதற்கு முந்தைய கட்டத்திலேயே என்பதால், கடல்நீரை நம்பும் உப்பளத்தில் தேக்கங்கள் பரந்து கிடக்கும், உப்புப் பாத்திகள் சின்னப் பகுதியாக இருக்கும்.

நீர் முற்றும்போது இளஞ்சிவப்பாக மாறுவதும் உண்டு. கடும் உப்பிலும் வாழும் நுண்ணுயிர்கள் தரும் நிறம் அது. அந்த நிறம் வெயிலைக் கூடுதலாக உள்வாங்கி நீரைச் சூடாக்குவதால் உப்பளத்துக்கு நன்மைதான்.

அவசரப்பட்டு நீரை முன்னதாகவே திருப்பினால் உப்போடு ஜிப்சமும் கலந்துவிடும். அது ஒரு தவறு. தாமதிப்பது அதைவிடப் பெரிய தவறு. சுமார் 29 டிகிரியைத் தாண்டினால் மெக்னீசியம் உப்புகள் படியத் தொடங்கும். அதற்கு முன்பே, மிஞ்சியிருக்கும் கசப்பு நீரை வடித்து வெளியேற்ற வேண்டும். 'இன்னும் ரெண்டு நாள் விட்டா கூட நாலு கிலோ வரும்' என்று ஆசைப்பட்டு விட்டுவைத்தால், எடை கூடும், தரம் போய்விடும். நாக்கில் லேசாகக் கசக்கும்.

இப்போது ஜாடிக்கு வருவோம். மெக்னீசியம் குளோரைடு காற்றிலுள்ள ஈரத்தைச் சட்டென்று இழுக்கும் பொருள். அது அதிகம் ஒட்டிய உப்புதான் ஜாடியில் அதிகமாக நீர் விடும். சரியான டிகிரியில் வாரி, குவித்து வைத்து, ஒட்டிய கசப்பு நீர் வடியும்வரை பொறுத்திருந்து மூட்டையில் ஏற்றிய உப்பு அவ்வளவு எளிதில் ஈரமாகாது.

ஒரே ஒரு மழை

கோடையில் எதிர்பாராமல் 5 சென்டிமீட்டர் மழை பெய்கிறது என்று வையுங்கள். நம்முடைய ஒரு சதுர மீட்டர் பாத்தியில் 50 லிட்டர் நல்ல தண்ணீர் விழுந்திருக்கும். ஒரு லிட்டர் நல்ல தண்ணீர் சுமார் 360 கிராம் உப்பைக் கரைக்கும். 50 லிட்டர் என்றால் 18 கிலோ! ஒரு சென்டிமீட்டர் தடிமனுக்கு உப்பு படிந்திருந்தால் அதன் எடையே பத்துப் பன்னிரண்டு கிலோதான். ஒரு மாத உழைப்பு ஒரே மழையில் காணாமல் போகலாம்.

தப்பிக்க ஒரு வழி இருக்கிறது. மழைநீர் லேசானது, உப்புநீர் கனமானது. அதனால் மழைநீர் சிறிது நேரம் மேலாகவே நிற்கும். அதற்குள் வரப்பைத் திறந்து மேல் நீரை வடித்துவிட்டால் கீழே இருப்பது பெருமளவு பிழைக்கும். ஆனால் காற்று வீசினால் இரண்டும் கலந்துவிடும். இத்தனை நாள் உதவிய அதே காற்று, அந்த ஒரு மணி நேரத்தில் எதிரியாகிவிடுகிறது.

2023 டிசம்பரில் வடித்துவிடவும் வழியில்லாத மழை வந்தது. தூத்துக்குடி மாவட்டம் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பதிவானது. அந்தக் கரையில் ஓர் ஆண்டு முழுக்கப் பெய்வதைவிட அதிகம். விற்பனைக்காகக் குவித்து வைத்திருந்த உப்பு கரைந்தது, பாத்திகளில் சேறு படிந்தது. சேறு படிந்த பாத்தியில் அடுத்த பருவத்தை உடனே தொடங்க முடியாது. வழித்தெடுத்து, மறுபடியும் மிதித்து இறுக்க வேண்டும்.

வழக்கமான ஆண்டிலும் அக்டோபர் வந்தால் உப்பு அம்பாரங்களை மூடிவிட்டு வேலையை நிறுத்துவார்கள். வெயிலின் கொடுமைக்குப் பயந்து விடியும் முன்பே பாத்தியில் இறங்கும் தொழிலாளர்களுக்கு, அந்த வெயில் போய்விட்டால் கூலியும் இல்லை. இந்த மாதங்களுக்காகத்தான் தமிழக அரசு உப்பளத் தொழிலாளர் குடும்பங்களுக்கு 5,000 ரூபாய் மழைக்கால நிவாரணம் வழங்குகிறது.

ஜனவரியில் மழை ஓய்ந்ததும் முதல் வேலை நீர் பாய்ச்சுவது இல்லை, தரையை மிதிப்பது. அதிலிருந்து முதல் உப்பு வாரும் நாள் வரை வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அந்த இடைவெளியில் ஒரு மழை வராமல் இருக்க வேண்டும் என்பதுதான் இந்தக் கரையில் எல்லோருடைய கவலையும்.